மோட்டார் திரும்பிப் போனது, காசு திரும்பி வரவில்லை

பணத்தைக் கொடுத்த பிறகுதான் பெட்டியைத் திறக்கலாம் என்று அந்தக் கூரியர்காரர் சொன்னபோதே எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் தோட்டத்துக்குள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், நான் எங்கள் லயத்து வீட்டிலிருந்து கீழே பாலம் வரைக்கும் இறங்கி வந்திருந்தேன். எங்கள் தோட்டம் கொடகவெலயிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. பாதி ரப்பர், பாதி தேயிலை. பாலத்துக்கு மேலே பாதை மோசம்தான். ஆனாலும் ஆட்டோ ஏறுகிறது, தோட்டத்து லாரி ஏறுகிறது, சீட்டுக் கம்பெனிக்காரர்களின் மோட்டார் சைக்கிள் ஏறுகிறது. கூரியர் மட்டும் ஏறாது.

"வத்தட எண்ட பே அக்கே," என்று போனிலேயே சொல்லிவிட்டார். தோட்டத்துக்கு வர முடியாதாம்.

பாலத்துக் கட்டையில் பெட்டியை வைத்துக்கொண்டு எட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பொருளுக்கு எட்டாயிரத்து அறுபது, கொண்டு வந்து சேர்ப்பதற்கு முந்நூற்றுத் தொண்ணூறு. சேர்ப்பது என்றால் வீட்டில் சேர்ப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அது தையல் மெஷினுக்குப் பூட்டும் மோட்டார். நான் தைப்பவள். கலியாணம் கட்டி இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து காலால் மிதிக்கும் மெஷின்தான் என்னிடம். போன வருஷம் மழை நாளில், பீலித் தண்ணீரில் குளிக்கும் இடத்துப் படியில் வழுக்கி விழுந்ததில் வலது முழங்கால் போய்விட்டது. அரை மணி நேரம் மிதித்தால் வீங்குகிறது. அரசாங்கம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வெள்ளைத் துணி வந்துவிட்டால் எங்கள் டிவிசனிலிருந்தும் மேல் டிவிசனிலிருந்தும் பாடசாலைச் சீருடை தைக்க என்னிடம்தான் வருவார்கள். இரண்டு மாதத்து வேலை, வருஷத்தில் பாதி வருமானம் அதுதான். அந்த வேலை தொடங்குவதற்கு முன்னால் மோட்டார் வந்துவிட வேண்டும் என்று சீட்டுக் காசை எடுத்து, போனில் சாமான் விற்கும் ஒரு செயலியில் ஓடர் போட்டேன். எனக்குக் கார்ட் கிடையாது. பொருள் கைக்கு வந்ததும் காசு கொடுக்கலாம் என்று போட்டிருந்ததுதான் எனக்குத் தைரியம் தந்தது. கையில் வாங்கி, கையில் கொடுப்பதில் என்ன ஏமாற்று வரும்?

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்ததும் உடனே செருகவில்லை. அது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். பூட்டித் தருவதற்காக ரப்பர் ஃபெக்டரியில் கரண்ட் வேலை பார்க்கும் ஒரு அண்ணனை வரச் சொல்லியிருந்தேன். அவர் வந்து, மோட்டாரைக் கையில் எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு அடியில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தார்.

"தங்கச்சி, இதக் குத்தல தானே?"

"இல்லண்ணே. ஏன்?"

"இது நூத்திப்பத்து வோல்ட். நம்ம ஊரு கரண்டு இருநூத்தி முப்பது. குத்தியிருந்தீங்கன்னா ஒரு நிமிசத்துல பொகஞ்சி போயிருக்கும்."

போனைத் திறந்து அவருக்குக் காட்டினேன். விற்பவர் போட்டிருந்த விளம்பரத்தில் 220-240 என்று தெளிவாக எழுதியிருந்தது. அண்ணன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இது வேற சாமான். திருப்பி அனுப்புங்க. திருப்பி எடுக்கத்தான் வேணும் அவங்க."

அன்று பின்னேரமே அனுப்பும் வேலையைத் தொடங்கினேன். தகட்டைப் படம் எடுத்தேன், பெட்டியைப் படம் எடுத்தேன். ஏன் திருப்புகிறீர்கள் என்று கேட்ட இடத்தில் 'விவரத்தில் சொன்னபடி இல்லை' என்பதைத் தெரிந்தெடுத்தேன். அந்தச் செயலியில் சிங்களம் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது. தமிழ் இல்லை. நான் சிங்களம் நன்றாகப் பேசுவேன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆங்கிலத்தையும் அப்படித்தான். ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பாஷையிலும் மாற்றி மாற்றிப் போட்டு, புரிந்ததைக் கொண்டு நகர்ந்தேன். கடைசிப் பக்கத்தில், பணத்தை எப்படித் திருப்பித் தருவது என்ற கேள்வி இருந்திருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு வட்டங்கள். ஒன்று வங்கிக் கணக்கு, மற்றது அவர்களுடைய செயலியிலேயே இருக்கும் வொலட் என்ற பணப்பை. வொலட் என்பதில் அவர்களே புள்ளி போட்டு வைத்திருந்தார்கள். நான் அதைக் கவனிக்காமல் அடுத்ததை அழுத்திவிட்டேன்.

இதை என் தவறு என்று என் வீட்டுக்காரர் பலமுறை சொன்னார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காசை நான் கையில் கொடுத்தேன். கார்டில் கட்டியிருந்தால் அதே கார்டுக்குத் திரும்பப் போயிருக்கும். கையில் கொடுத்தவளுக்குத் திருப்பிக் கொடுக்க வழி இல்லையென்றால், எங்கே கொடுக்கட்டும் என்று என்னிடம் கேட்பதுதான் முறை. கேட்பது போல ஒரு பக்கத்தைக் காட்டி, பதிலையும் தாங்களே எழுதி வைப்பதற்குப் பெயர் கேட்பதா?

மறுநாள் மோட்டாரை எடுத்துக்கொண்டு கொடகவெல டவுனுக்குப் போனேன். அங்கே ஒரு முஸ்லிம் நானாவின் போட்டோ கொப்பி கடைதான் திருப்பி அனுப்பும் சாமான்களை வாங்கி அந்தக் கூரியரிடம் கொடுக்கும் இடம். போனுக்கு ரீலோட் போடுவதிலிருந்து பாஸ்போர்ட் படம் எடுப்பது வரை எல்லாம் அந்தச் சின்னக் கடைக்குள் நடக்கும். என் செயலியில் வந்திருந்த பார்கோட் படத்தை அச்செடுத்துப் பெட்டியில் ஒட்டி, ஒரு ரசீது கொடுத்தார்.

"இந்தத் துண்ட தொலச்சிடாதீங்க தங்கச்சி. சாமான் என்கிட்ட தந்ததுக்கு இது மட்டுந்தான் சாட்சி. கொழும்புக்குப் போய், அவங்க தொறந்து பாத்து, சரின்னு செல்லினாத்தான் சல்லி வரும்."

"எவ்வளவு நாளாகும் நானா?"

"ஒரு கெழம, பத்து நாள். பௌர்ணமிப் போயா லீவு வந்தா இன்னும் கொஞ்சம் இழுக்கும்."

ஒன்பதாம் நாள் ஒரு செய்தி வந்தது. திறந்தால் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம். பணம் திருப்பித் தரப்பட்டுவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த நாள் தையலை நிறுத்திவிட்டு, பஸ் பிடித்துப் போய், வங்கியில் புத்தகத்தைப் போட்டு அடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் வந்திருந்த வட்டி பதினோரு ரூபாய் மட்டும் கீழே புதிதாக அச்சாகியிருந்தது.

நானாவின் கடைக்குப் போனேன். அவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தினார்.

"சல்லி வந்திருக்கு. ஆனா பேங்குக்கு இல்ல. இவங்கட வொலட்டுக்கு வந்திருக்கு. பாருங்க, எட்டாயிரத்து அறுவது."

"எட்டாயிரத்து நானூத்தி அம்பது தானே நான் குடுத்தேன்?"

"டிலிவரிக் காசக் கழிச்சிட்டாங்க போல."

"அவங்க பிழையான சாமான் அனுப்பினதுக்கு நான் ஏன் நானா கொண்டு வந்ததுக்குக் காசு குடுக்கணும்?"

"அது சரிதான். ஆனா முதல்ல இத வெளிய எடுப்போம்."

அந்தப் பணம் என் பெயரில் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அதைக் கொண்டு சந்தியில் பசிக்கு ஒரு ராத்தல் பாண் வாங்க முடியாது. அவர்களிடமே இன்னொரு சாமான் வாங்கலாம். அதற்கு மட்டும் ஒரே ஒரு அழுத்து போதும். பணம் இருக்கும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் 'இப்போதே செலவழியுங்கள்' என்று மின்னிக்கொண்டிருந்தது. வங்கிக்கு அனுப்புவதற்கான வழி மூன்று பக்கம் தள்ளி, சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில் இருந்தது. அதை அழுத்தினால், முதலில் அடையாள அட்டையைக் காட்டு என்றது.

நான் காசு கொடுத்தபோது யாரும் என் அடையாள அட்டையைக் கேட்கவில்லை. பாலத்தில் நனைந்துகொண்டு நின்ற பொம்பிளை யார் என்று கூரியர்காரருக்குக் கவலையே இல்லை. வாங்கும்போது தேவைப்படாத அடையாளம் கொடுக்கும்போது ஏன் தேவைப்பட்டது என்று நானாவிடம் கேட்டேன். வேறு யாராவது உங்கள் போனை எடுத்துச் சல்லியை இழுக்கக் கூடாது இல்லையா என்று சொன்னார். அதில் நியாயம் இருந்தது. அதனால் படம் எடுத்து அனுப்பினேன், அட்டையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும். இரண்டு நாளில் சரி என்று வந்தது. பிறகு வங்கி, கிளை, கணக்கு இலக்கம், கணக்கில் உள்ள பெயர், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்துப் படம். எல்லாவற்றையும் கொடுத்தேன். மூன்று முதல் ஐந்து வேலை நாள் என்று போட்டார்கள்.

ஐந்தாம் நாள் செய்தி வந்தது. ஆங்கிலத்தில். எழுத்துக் கூட்டிப் படித்தேன். உங்கள் வங்கி இந்தப் பணத்தை ஏற்றுக்கொள்ளவில்லை, ஆகவே அது உங்கள் வொலட்டுக்குத் திரும்பிவிட்டது.

இலக்கத்தை ஒருமுறைக்கு மூன்றுமுறை சரிபார்த்து இரண்டாம் தடவை அனுப்பினேன். மீண்டும் ஐந்து நாள். மீண்டும் அதே செய்தி.

இதற்குள் வெள்ளைத் துணி வரத் தொடங்கிவிட்டது. காலையில் கொழுந்து பறிக்கப் போவதற்கு முன்னால் பொம்பிளைகள் துணியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் மிதித்தேன். முழங்காலுக்கு எண்ணெய் போட்டுத் துணி சுற்றிக்கொண்டு மிதித்தேன். பின்னேரம் ரப்பர் பால் வெட்டு முடிந்து வந்த என் வீட்டுக்காரர் நான் காலைத் தூக்கி வாங்குப் பலகையில் வைத்திருப்பதைப் பார்த்தார்.

"விடு, போனா போவுது. அதுக்கு ஏதாச்சும் ஒரு சாமான வாங்கிட்டு வுட்டுரு. ஒரு ரைஸ் குக்கர் வாங்கு."

"எனக்கு ரைஸ் குக்கர் வேணாம்."

"காசு சும்மா கெடக்கறதுக்கு?"

"அவங்க அதத்தான் எதிர்பார்க்கறாங்க. களச்சிப்போயி, சரி ஏதாச்சும் வாங்கித் தொலைப்போம்னு நம்ம வாங்கணும்னுதான் இப்படி வெச்சிருக்காங்க. நான் வாங்க மாட்டேன்."

என் கணக்கை விட்டு அவருடைய கணக்குக்கு அனுப்பலாம் என்று ஒரு யோசனை சொன்னார். அதையும் செய்து பார்த்தேன். அது ஐந்து நாள்கூட எடுக்கவில்லை, உடனே சிவப்பு எழுத்து வந்தது. அடையாள அட்டை யாருடையதோ, கணக்கும் அவருடையதாக இருக்க வேண்டும்.

என்னுடைய கணக்கை என் வங்கியே ஏற்க மறுக்கிறது என்றால் அதைப் போய்க் கேட்டே ஆக வேண்டும். மறுபடி ஒரு நாள் தையலை விட்டேன். வங்கியில் இரண்டு மணி நேரம் வரிசை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் சிங்கள மிஸ். நான் சிங்களத்தில் பேசினேன், போனில் இருந்த செய்தியைக் காட்டினேன், ஏன் என் பணத்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும், பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அவர் கணினியில் தட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார். மறுபடி தட்டினார்.

"அக்கா, உங்கள் கணக்குக்கு அப்படி ஒரு பணம் வரவே இல்லை," என்று சிங்களத்தில் சொன்னார். "வந்து திரும்பியிருந்தால் இங்கே தெரியும். எதுவுமே இல்லை. கணக்கு நன்றாக வேலை செய்கிறது. யார் அனுப்பினாலும் வரும்."

"அப்போ இதில் வங்கி ஏற்கவில்லை என்று இருக்கிறதே?"

"அனுப்பியிருந்தால் அதற்கு ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் இருக்கும். அதை அவர்களிடம் கேளுங்கள். நம்பரைக் கொண்டு வந்தால் நான் எங்கே போனது என்று தேடித் தருகிறேன்."

இரண்டு மாதத்துக் கணக்கு விவரத்தையும் அச்சடித்து, முத்திரை போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வங்கிப் படியில் நின்றேன். ஏதோ கோளாறு, எங்கேயோ சிக்கல் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். இப்போதுதான் தெரிந்தது, அவர்கள் அனுப்பவே இல்லை. அனுப்பாததை அனுப்பினோம் என்று சொல்லி, பழியை வங்கியின் தலையில் போட்டு, இரண்டு தடவையாக என்னைப் பத்து நாள் காக்க வைத்திருக்கிறார்கள்.

நானாவின் கடைக்குள் போய் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு அவர்களுடைய இலக்கத்தை அழைத்தேன். சிங்களத்துக்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து. ஒன்றை அழுத்தினேன். பாட்டுப் போட்டார்கள். நானா யாருக்கோ பிறப்புச் சான்றிதழ் கொப்பி அடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம் கழித்து ஒரு பொடியனின் குரல் வந்தது.

தமிழில் பேசுபவர் யாராவது இருக்கிறாரா என்று முதலில் கேட்டேன். இல்லை என்றார். சரி, சிங்களத்திலேயே பேசுவோம் என்றேன்.

"மேடம், உங்கள் வங்கி பணத்தை நிராகரித்திருக்கிறது. வங்கியோடு பேச வேண்டும்."

"வங்கியில் பேசிவிட்டுத்தான் வருகிறேன் மகன். பணம் வரவே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் அனுப்பினீர்கள் என்றால் அந்த ரெஃபரன்ஸ் நம்பரைச் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்."

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"நம்பர் இருக்கிறதா இல்லையா?"

"ஒரு நிமிஷம் மேடம்."

பாட்டு. ஒரு நிமிஷம் பத்து நிமிஷமானது. நானா எனக்கு ஒரு பிளேன்டீ வாங்கி வைத்தார். பிறகு வேறொரு குரல், வயதில் கொஞ்சம் பெரிய பெண். பொறுப்பாளராம். மரியாதையாகத்தான் பேசினார். பணம் வங்கிக்குப் போகவில்லை என்று ஒத்துக்கொண்டார். அடையாள அட்டையில் உள்ள பெயரும் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் பொருந்தவில்லை, ஆகவே தங்கள் பக்கத்திலேயே நிறுத்தப்பட்டிருக்கிறது. பணம் போகாமல் நின்றால் எந்தக் காரணமாக இருந்தாலும் அந்த ஒரே செய்திதான் தானாகப் போகும்.

"எந்தக் காரணமானாலும் வங்கி மேல் பழியா?" என்றேன்.

"மன்னிக்க வேண்டும். அது கணினி அனுப்புவது."

என் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பெயரை நான் எழுதியதே இல்லை. பிறந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒருவர் எழுதினார். அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது தமிழ் தெரியாத ஒருவர், காதில் விழுந்ததை வைத்து எழுதினார். அதில் நடுவில் ஒரு ஆங்கில எச் எழுத்து கூடுதலாக வந்து உட்கார்ந்துகொண்டது, அப்பாவின் பெயர் முழுதாக முன்னால் நின்றது. வங்கியில் எழுதியவர் அப்பாவுக்கு ஒரே ஒரு எழுத்துப் போட்டார், எச்சை விட்டுவிட்டார். எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு மூன்று பத்திரத்தில் மூன்று பெயர். ஈபிஎஃப் காசு எடுக்கப் போனவர்கள் இதற்காக நடந்த நடை கொஞ்சமல்ல. நாங்கள் யாருமே எங்கள் பெயரைப் பிழையாக எழுதவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எழுதினார்கள். எழுதியவர்களை விட்டுவிட்டு, நீ யார் என்று நிரூபி என்று ஒவ்வொரு முறையும் எங்களைத்தான் கேட்கிறார்கள்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. ஏதோ நீளமாகப் பேசினேன். நானா கொப்பி அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"அட்டையில் இருப்பதும் வங்கியில் கொடுத்திருப்பதும் ஒரே அடையாள அட்டை இலக்கம்தான்," என்றேன். "எழுத்து மாறலாம். இலக்கம் மாறுமா?"

"வங்கியிலிருந்து ஒரு கடிதம் தர முடியுமா? இந்த அடையாள அட்டை இலக்கமுடையவர்தான் இந்தக் கணக்கின் சொந்தக்காரர் என்று. அதைப் பதிவேற்றினால் நான் பார்த்து அனுப்புகிறேன்."

"இந்த வார்த்தையை முதல் நாளே செய்தியில் எழுதியிருந்தால் நான் பத்து நாள் காத்திருந்து, இன்றைய வேலையையும் விட்டிருக்க மாட்டேனே."

அவர் மறுபடி மன்னிப்புக் கேட்டார்.

"இன்னொன்று. நான் கொடுத்தது எட்டாயிரத்து நானூற்று ஐம்பது. பிழையான சாமான் அனுப்பியது நீங்கள். டிலிவரிக் காசும் வர வேண்டும்."

அதை வேறு பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்றார். அனுப்புங்கள் என்றேன். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

போனை வைத்ததும் நானா சொன்னார், "தங்கச்சி, நேரா பேங்குக்குப் போங்க. மூணு மணிக்குப் பூட்டிடுவாங்க."

நேரே போனேன். அதே மிஸ்தான். முன்பு கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன், அவர் கேட்க விடவில்லை. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, மேலாளரிடம் கொண்டு போய், அரை மணி நேரத்தில் வங்கியின் பெயர் அச்சிட்ட தாளில் கடிதம் அடித்துக் கையெழுத்தோடு கொண்டு வந்தார். பெயரையே மாற்றிவிடலாம் என்றும் சொன்னார். பிறப்புச் சான்றிதழும் சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசியும் கொண்டு வந்தால் அடையாள அட்டையில் உள்ள மாதிரியே புத்தகத்தில் எழுதித் தருவார்களாம். இன்றைக்கு வேண்டாம் மிஸ், சீருடை எல்லாம் தைத்து முடித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

நானா கடிதத்தை ஸ்கேன் செய்து என் போனுக்கு அனுப்பினார், நான் அங்கேயே செயலியில் பதிவேற்றினேன். அவர் காசு கேட்கவில்லை, நான் வைத்துவிட்டு வந்தேன்.

நாலாவது வேலை நாள், ஒரு பிள்ளையின் பாவாடைக்கு மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. இந்த முறை வங்கியின் செய்தி. எட்டாயிரத்து அறுபது ரூபாய் வரவு. அதற்குப் பிறகும் நான் நம்பவில்லை. காசு மெஷினில் போட்டுப் பார்க்க எனக்குக் கார்டு இல்லை; திங்கட்கிழமை கொடகவெலயில் புத்தகத்தைப் போட்டு அடித்து அந்த வரியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன். பக்கத்தில் ஒரு நீண்ட இலக்கமும் இருந்தது. அந்த மிஸ் சொன்ன ரெஃபரன்ஸ் நம்பர்.

மோட்டாரை இரத்தினபுரியில் ஒரு மெஷின் கடையில் வாங்கினேன். ஆயிரத்து இருநூறு ரூபாய் கூட. கடைக்காரரிடம் முதலில் செருகி ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஓட்டிக் காட்டினார். நிறுத்தி, மறுபடி ஓட்டச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும். ஃபெக்டரி அண்ணன் அன்றைக்கே வந்து பூட்டித் தந்தார். ஆனால் அதற்குள் அந்த வருஷத்துச் சீருடையில் முக்கால்வாசியைக் காலால் மிதித்தே தைத்து முடித்திருந்தேன்.

டிலிவரிக் காசு விஷயம் முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து, முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய்க்கு ஒரு கூப்பன் அனுப்பினார்கள். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் கழிக்கலாம், ஒரு மாதத்தில் காலாவதி. நான் மறுபடி அழைத்தேன். ரசீதின் பின்பக்கத்து இலக்கத்தைச் சொன்னேன். கூப்பன் என்பது காசு இல்லை, நான் கூரியர்காரரிடம் கூப்பன் கொடுக்கவில்லை என்றேன். மூன்றாவது அழைப்பில், இதைப் பாவனையாளர் அதிகார சபைக்கு முறைப்பாடாக எழுத்தில் அனுப்பப் போகிறேன், வங்கி ஏற்கவில்லை என்று நீங்கள் அனுப்பிய இரண்டு செய்திகளையும் வங்கியின் முத்திரைத் தாளையும் சேர்த்து அனுப்பப் போகிறேன் என்றேன். உண்மையிலேயே எழுதவும் தொடங்கியிருந்தேன். ஒரு கொப்பியில், தமிழில், பென்சிலால்.

அடுத்த கிழமை முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் வங்கிக்கு வந்தது.

வீட்டுக்காரர் செய்தியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கு மேல பஸ்ஸுக்கே செலவழிச்சிட்டியே நீ."

"பஸ்ஸுக்குப் போனது நான் குடுத்தது. இது அவங்க எடுத்தது," என்றேன். "ரெண்டும் ஒண்ணா?"

 அவர் தன்னுடைய வங்கிப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் அலமாரியிலிருந்து எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"இதுல பேரு ஒரே மாதிரி இருக்கான்னு பாரு," என்றார்.

இல்லை. அவருக்கு இரண்டு எழுத்து வித்தியாசம்.